பாட்டுச் செயலிகளில் இலவசக் கணக்கும் கட்டணத் திட்டமும்: ஸ்கிப், ஷஃபிள், தேர்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலவசத்திலும் அதே பாட்டெல்லாம் இருக்கிறதே, அப்புறம் எதற்குக் காசு?

அடுத்து எந்தப் பாட்டு வர வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமைக்கு. ஸ்பாட்டிஃபை மாதிரியான சேவைகளில் இலவசக் கணக்குக்கும் பிரீமியம் கணக்குக்கும் ஏறக்குறைய ஒரே பாட்டுக் கிடங்குதான். தேடினால் அங்கே கிடைப்பது இங்கேயும் கிடைக்கும். வித்தியாசம் தொடங்குவது பாட்டைத் தொட்ட பிறகு. தொட்ட பாட்டே ஓடுமா, பிடிக்காததைத் தள்ளிவிட முடியுமா, நடுவில் விளம்பரம் வருமா, நெட் இல்லாத இடத்தில் கேட்க முடியுமா என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

கிடங்கு ஒன்றே என்பதிலும் ஒரு சின்ன விலக்கு உண்டு. 2017-இல் யுனிவர்சல் இசை நிறுவனத்தோடு ஸ்பாட்டிஃபை போட்ட ஒப்பந்தத்தில், புதிய ஆல்பத்தை முதல் 2 வாரம் கட்டணச் சந்தாதாரர்களுக்கு மட்டும் கொடுக்கலாம் என்று ஒரு வழி திறந்துவிடப்பட்டது. நடைமுறையில் இது உங்கள் கண்ணில் படுவது அபூர்வம்.

எல்லாச் சேவையிலும் இலவசம் உண்டு என்றும் நினைக்க வேண்டாம். ஆப்பிள் மியூசிக் 2015-இல் தொடங்கியபோதே விளம்பரத்தோடு கூடிய இலவச அடுக்கு வேண்டாம் என்று முடிவு செய்தது. அங்கே இலவசம் என்றால் கொஞ்ச காலம் ட்ரையல், அவ்வளவுதான்.

போனில் ஒரு பாட்டைத் தொட்டேன், வேறு பாட்டு ஓடுகிறது. செயலியில் கோளாறா?

இல்லை, ஷஃபிள்தான். ஸ்பாட்டிஃபை 2025-இல் இதைக் கொஞ்சம் தளர்த்தியது, அது பின்னால் வருகிறது. ஷஃபிள் முறையில் ஓடும் இலவசக் கணக்கில் நீங்கள் ஒரு ஆல்பத்தையோ கலைஞரையோ பிளேலிஸ்டையோ தேர்ந்தெடுக்கலாம். அதற்குள் எந்தப் பாட்டு முதலில் வரும், எது அடுத்து வரும் என்பதைச் செயலி முடிவு செய்யும். அதாவது நீங்கள் தொட்டது பாட்டின் பெயரைத்தான் என்றாலும், செயலி அதை "இந்தத் தொகுப்பை ஓட விடு" என்று எடுத்துக்கொள்கிறது.

கோளாறா, கட்டுப்பாடா என்று பிரித்தறிய ஒரு வழி: பிளே பட்டனைப் பாருங்கள். இலவசக் கணக்கில் பிளேலிஸ்டின் மேலே இருக்கும் பெரிய பட்டனில் பின்னிய இரண்டு அம்புக்குறி ஒட்டியிருந்தால், அந்தத் தொகுப்பு ஷஃபிளில் மட்டுமே ஓடும் என்று பொருள். அம்புக்குறி இல்லாத வெறும் முக்கோணம் என்றால் வரிசையாகவோ விரும்பியபடியோ கேட்கலாம். ஒரே கணக்கில் சில பிளேலிஸ்டுகள் ஒரு விதமாகவும் மற்றவை வேறு விதமாகவும் நடந்துகொள்வதற்குக் காரணமும் இதுதான். 2018-இல் ஸ்பாட்டிஃபை தன் இலவச மொபைல் செயலியை மாற்றியமைத்தபோது, அதுவே தொகுத்துத் தரும் 15 பிளேலிஸ்டுகளில் மட்டும் எந்தப் பாட்டையும் தொட்டுக் கேட்கலாம் என்று விட்டது. மற்றதெல்லாம் ஷஃபிளாகவே இருந்தது.

ஷஃபிளோடு கூடவே வேறு சில பட்டன்களும் செயலிழக்கும். முந்தைய பாட்டுக்குத் திரும்புவது, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவது, பாட்டின் நடுவில் விரலால் இழுத்து வேண்டிய வரிக்குப் போவது, அடுத்து வரும் பாட்டுகளின் வரிசையை மாற்றுவது எல்லாம் பல செயலிகளில் பூட்டியிருக்கும். ஸ்கிப்பைப் பற்றி மட்டும்தான் எல்லாரும் புலம்புகிறார்கள். என்னைக் கேட்டால், நடுவில் இழுக்க முடியாததுதான் பாட்டைக் கற்றுக்கொள்ள நினைப்பவருக்குப் பெரிய தொந்தரவு.

ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை ஸ்கிப் செய்யலாம்?

பல சேவைகளில் 6. ஸ்பாட்டிஃபையின் ஷஃபிள் முறையிலும் அதுதான் கணக்கு. அமெரிக்க இணைய வானொலியான பண்டோராவின் இலவசச் சேவை பல ஆண்டுகளாகவே ஒரு நிலையத்துக்கு மணிக்கு 6, எல்லா நிலையமும் சேர்த்து ஒரு நாளுக்கு 24 என்று வைத்திருந்தது.

அந்த ஆறு தீர்ந்ததும் அடுத்த பாட்டு பட்டன் மங்கிப்போகும், அல்லது அழுத்தினால் "ஸ்கிப் முடிந்துவிட்டது, பிரீமியம் எடுங்கள்" என்கிற மாதிரி ஒரு அறிவிப்பு எழும். பாட்டு நின்றுபோகாது. ஓடுவது ஓடிக்கொண்டேதான் இருக்கும், அதைத் தள்ள மட்டும் முடியாது.

எது ஸ்கிப்பாக எண்ணப்படும் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பண்டோராவில் ஒரு பாட்டுக்குக் கட்டைவிரலைக் கீழே காட்டினால் அதுவும் ஒரு ஸ்கிப். எண்ணிக்கை தீர்ந்த பிறகு அப்படிக் காட்டினால் உங்கள் வெறுப்பு பதிவாகும், ஆனால் அந்தப் பாட்டு முடிகிற வரை கேட்டுத்தான் ஆக வேண்டும். ஹெட்போனின் பட்டனை இரண்டு முறை தட்டுவதும், கார் ஸ்டீயரிங்கில் உள்ள பட்டனும், ஸ்மார்ட் ஸ்பீக்கரிடம் "அடுத்தது" என்று சொல்வதும் செயலிக்கு ஒன்றேதான். பைக்குள் கிடக்கும் ஹெட்செட் பட்டன் அழுந்தி, கேட்காமலே ஆறும் கரைந்துபோவதும் நடக்கும்.

செயலியை மூடித் திறந்தால் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கணக்கு வைப்பது உங்கள் போன் இல்லை, சேவையின் சர்வர். அதனால் பொதுவாக அந்த வேலை பலிக்காது.

வேண்டிய பாட்டு வரும்வரை ஸ்கிப் செய்துகொண்டே போனால் போதாதா?

சின்னத் தொகுப்பு என்றால் போதும், பெரியது என்றால் போதாது. கணக்குப் போட்டே பார்க்கலாம்.

ஒரு ஆல்பத்தில் 12 பாட்டு, உங்களுக்கு வேண்டியது அதில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஷஃபிளில் முதலில் ஏதோ ஒரு பாட்டு வரும். அது இல்லை என்றால் ஸ்கிப். இப்படி 6 ஸ்கிப்பையும் செலவழித்தால் மொத்தம் 7 பாட்டின் தொடக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சுற்றில் அதே பாட்டு மறுபடி வராது என்று எடுத்துக்கொண்டால், வேண்டிய பாட்டு அந்த ஏழுக்குள் இருக்க 12-இல் 7 பங்கு வாய்ப்பு, அதாவது சுமார் 58 சதவீதம். பாதிக்குக் கொஞ்சம் மேல். பரவாயில்லை.

அதே பாட்டு 40 பாட்டு உள்ள பிளேலிஸ்டில் இருந்தால்? 40-இல் 7, அதாவது 17.5 சதவீதம். ஆறு ஸ்கிப்பையும் செலவழித்தாலும் ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்புகூடத் தேறாது.

சரி, அவசரப்படாமல் ஒரு மணி நேரம் முழுக்கக் கேட்கிறீர்கள், இடையிடையே ஆறு முறை ஸ்கிப் செய்கிறீர்கள் என்றால்? ஒரு பாட்டு சராசரி 4 நிமிடம் என்று வைத்தால் 60 நிமிடத்தில் 15 பாட்டு முழுதாக ஓடும், தள்ளிவிட்ட 6-ஐயும் சேர்த்தால் 21. விளம்பர நேரத்தைக் கழித்தால் ஒன்றிரண்டு குறையும். ஆக, ஒரு மணி நேரம் காத்திருந்தும் 40 பாட்டில் வேண்டியது வர ஏறக்குறைய பாதி வாய்ப்புதான்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: இலவசக் கணக்கில் பெரிய பிளேலிஸ்ட் வைத்துக்கொள்வது உங்களுக்கே பாதகம். 200 பாட்டை ஒரே பிளேலிஸ்டில் கொட்டி வைப்பதைவிட, மனநிலைக்கு ஒன்றாக 15, 20 பாட்டு கொண்ட தொகுப்புகளாகப் பிரித்தால் ஷஃபிள் அவ்வளவாக உறுத்தாது. எது வந்தாலும் பிடித்ததாகவே இருக்கும். ஸ்கிப்பும் மிஞ்சும்.

அப்படியென்றால் ஒரே ஒரு பாட்டை மட்டும் போட்டு ஒரு பிளேலிஸ்ட் செய்துவிட்டால்?

இந்த யோசனை எல்லாருக்கும் வருவதுதான், செயலியைச் செய்தவர்களுக்கும் வந்துவிட்டது. பாட்டு குறைவாக இருக்கும் பிளேலிஸ்டில், இலவசக் கணக்குக்கு மட்டும், "இதுபோன்ற பாட்டுகள்" என்று செயலியே சிலவற்றை நடுவில் நுழைத்துவிடும். நீங்கள் சேர்க்காத பாட்டு உங்கள் பிளேலிஸ்டில் ஓடினால் காரணம் பெரும்பாலும் இதுதான். பதினைந்து பாட்டுக்கு மேல் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை பொதுவாக அடங்கிவிடும்.

அது ஏன் சரியாக ஆறு? யார் வைத்த எண் அது?

ஆறு என்ற எண் எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. ஆனால் அது பிறந்த இடம் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் ஓரத்தில்தான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் மற்றக் கட்டுப்பாடுகளும் புரியும்.

1995-இலும் 1998-இலும் செய்யப்பட்ட திருத்தங்கள் இணையத்தில் பாட்டு ஒலிபரப்புவோரை இரண்டாகப் பிரித்தன. கேட்பவர் கேட்ட பாட்டைக் கேட்ட உடனே கொடுக்கும் சேவை ஒரு வகை. அவர்கள் ஒவ்வொரு இசை நிறுவனத்தோடும் தனித்தனியே உட்கார்ந்து பேரம் பேசி உரிமம் வாங்க வேண்டும். வானொலி போல, அடுத்து என்ன வரும் என்று கேட்பவருக்குத் தெரியாமல் ஓடும் சேவை இன்னொரு வகை. அவர்கள் இசை நிறுவனங்களிடம் அனுமதி கேட்க வேண்டாம். பாட்டுப் பதிவுகளுக்கு அரசு அமைப்பு நிர்ணயித்த கட்டணத்தை சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற ஒரே இடத்தில் கட்டினால் போதும்.

இந்தச் சலுகைக்கு நிபந்தனைகள் உண்டு. 3 மணி நேரத்துக்குள் ஒரே ஆல்பத்திலிருந்து 3 பாட்டுக்கு மேல் கூடாது, அதிலும் தொடர்ந்து இரண்டுக்கு மேல் கூடாது. ஒரே கலைஞரின் பாட்டு என்றால் 4, தொடர்ந்து மூன்றுக்கு மேல் கூடாது. அடுத்து இன்ன பாட்டு வரப்போகிறது என்று முன்கூட்டி அறிவிக்கவும் கூடாது. இணைய வானொலிகள் "அடுத்தது" என்ற பட்டியலைக் காட்டாமல் மறைப்பதற்கு வேர் இதுதான்.

இதில் ஸ்கிப் எங்கே வருகிறது? கேட்பவர் எத்தனை முறை வேண்டுமானாலும் தள்ளலாம் என்று விட்டால், வேண்டிய பாட்டு வரும்வரை தள்ளிக்கொண்டே போவார். அப்போது அது வானொலியா, கேட்டதைக் கொடுக்கும் சேவையா என்று இசை நிறுவனங்கள் வழக்குப் போடும். போட்டும் இருக்கிறார்கள். லாஞ்ச்காஸ்ட் என்ற இணைய வானொலி, கேட்பவரின் விருப்பு வெறுப்பை வைத்துப் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தது. அது வானொலி இல்லை என்று இசை நிறுவனங்கள் வாதாடின. 2009-இல் நியூயார்க்கில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், அடுத்து வரும் பாட்டை கேட்பவரால் கணிக்க முடியவில்லை என்பதால் அது வானொலி வகையிலேயே சேரும் என்று தீர்ப்பளித்தது. ஆக, "கணிக்க முடியாமை" என்ற ஒன்றைக் காப்பாற்றிக்கொள்வது அத்தகைய சேவைகளுக்கு உயிர்நாடி. ஸ்கிப்புக்கு வரம்பு வைப்பது அதற்கு ஒரு வேலி.

இரண்டாவது காரணம் பணம். இந்தச் சட்டப்படியான உரிமத்தில் ஒரு பாட்டின் எந்தப் பகுதி ஒலித்தாலும் ஒரு முறை ஒலித்ததாகவே கணக்கு. 5 நொடியில் தள்ளிவிட்ட பாட்டுக்கும் முழுக் கட்டணம். 2021-க்கு நிர்ணயிக்கப்பட்ட கட்டணம், சந்தா இல்லாத இலவச ஒலிபரப்புக்கு ஒரு பாட்டுக்கு 0.21 அமெரிக்க சென்ட். ஒரு மணி நேரத்தில் 15 பாட்டு ஓடினால் ஒரு கேட்பவருக்கு 3.15 சென்ட். ஆறு ஸ்கிப்பையும் சேர்த்தால் 4.41 சென்ட். அதே ஆள் 60 முறை தள்ளினால் 15.75 சென்ட். விளம்பர வருமானமோ அவர் எத்தனை முறை தள்ளினாலும் அதேதான். வரம்பில்லாமல் விட்டால் கையைக் கடிக்கும் என்பது இப்போது விளங்கும்.

ஸ்பாட்டிஃபை இந்த வானொலி உரிமத்தில் ஓடும் சேவை இல்லை. அது இசை நிறுவனங்களோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. அங்கே நிறுவனங்களின் கவலை வேறு: இலவசம் ரொம்ப நன்றாக இருந்தால் யார் பிரீமியம் வாங்குவார்கள்? அதனால் மொபைலில் இலவசத்தை வானொலிக்கு நெருக்கமாக இறக்கி வைத்தார்கள். வானொலியில் ஏற்கனவே பழகிப்போன அந்த ஆறும் இந்த வகைச் சேவைகளுக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

கம்ப்யூட்டரில் இலவசமாகவே நினைத்த பாட்டு ஓடுகிறது. போனில் மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி?

காசு கொடுக்க மக்கள் தயாராக இருப்பது போனில் கேட்பதற்குத்தான் என்பதால்.

ஸ்பாட்டிஃபை 2008-இல் ஐரோப்பாவில் தொடங்கியபோது இலவசம் என்பது கணினிக்கான விஷயம். பின்னால் போன் செயலி வந்தபோதும், போனில் கேட்க வேண்டுமா, காசு கட்டு என்பதே ஏற்பாடு. 2011-இல் இலவசக் கணக்குக்கு அளவு வரம்பு கொண்டுவந்தார்கள்: மாதத்துக்கு 10 மணி நேரம், ஒரே பாட்டு 5 முறைக்கு மேல் இல்லை. 2013 டிசம்பரில் போனிலும் இலவசம் வந்தது, ஷஃபிளோடு. அடுத்த மாதமே கணினியில் இருந்த நேர வரம்பை எடுத்துவிட்டார்கள்.

எவ்வளவு நேரம் கேட்கிறாய் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, எதைக் கேட்கிறாய் என்பதைக் கட்டுப்படுத்தும் பக்கம் மாறியது அப்போதுதான். வியாபாரக் கண்ணோட்டத்தில் பார்த்தால் புத்திசாலித்தனம். நேரம் தீர்ந்துபோனால் ஆள் வேறு பக்கம் போய்விடுவார். ஷஃபிளில் மாட்டிக்கொண்டவர் கேட்டுக்கொண்டே இருப்பார், விளம்பரமும் ஓடும், எரிச்சலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்.

ஆகவே இலவசத்திலேயே இருப்பவருக்குச் சிக்கனமான வழி: குறிப்பிட்ட ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகக் கேட்க வேண்டும் என்றால் கணினியில் கேளுங்கள். போனை எது வந்தாலும் சரி என்கிற நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இலவசத்திலேயே விரும்பிய பாட்டைப் போடலாம் என்றார்களே?

உண்மைதான், ஆனால் எல்லையோடு. 2025 செப்டம்பரில் ஸ்பாட்டிஃபை அதை அறிவித்தது. இலவசக் கணக்கிலும் ஒரு பாட்டைத் தேடித் தொட்டு நேராகக் கேட்கலாம், நண்பர் அனுப்பிய லிங்க்கைத் தட்டினால் அந்தப் பாட்டே ஓடும். பல வருடப் புலம்பலுக்கு வந்த பெரிய தளர்வு இது.

எல்லை எங்கே என்றால், இப்படி விரும்பிக் கேட்பதற்கு ஒரு தினசரி அளவு உண்டு. அந்த அளவு தீர்ந்துவிட்டால் பழையபடி ஷஃபிளுக்கும் மணிக்கு 6 ஸ்கிப்புக்கும் திரும்ப வேண்டியதுதான். காலையில் தொட்ட பாட்டு ஓடியது, மாலையில் ஓடவில்லை என்று சிலர் குழம்புவது இதனால். கோளாறு என்று செயலியை அழித்து மறுபடி நிறுவிப் பயனில்லை. விடிந்ததும் தானே சரியாகும்.

அதனால் இந்த ஒதுக்கீட்டைச் செலவழிப்பதில் கொஞ்சம் கஞ்சத்தனம் நல்லது. பின்னணியில் ஏதாவது ஓடட்டும் என்கிற நேரத்தில் பாட்டு பாட்டாகத் தொட்டுக்கொண்டிருக்காமல் ஷஃபிளில் விட்டுவிடலாம்.

விளம்பரத்தையும் ஸ்கிப் செய்யலாமா? ஒலியைக் குறைத்து வைத்தால்?

முடியாது. ஆறு ஸ்கிப் என்பது பாட்டுக்கு மட்டும். விளம்பரம் ஓடும்போது அடுத்த பட்டன், முந்தைய பட்டன், இழுக்கும் கோடு எல்லாம் உறைந்துவிடும். சில பாட்டுகளுக்கு ஒருமுறை ஒன்றிரண்டு விளம்பரம் சேர்ந்து வரும். இடைவெளி எல்லா நேரமும் ஒரே மாதிரி இருக்காது, ஏனென்றால் உங்கள் ஊருக்கும் வயதுக்கும் விளம்பரம் கொடுக்க அந்த நேரத்தில் ஆள் இருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது அது.

ஒலியை முழுக்கக் குறைத்தால் சில செயலிகளில் விளம்பரம் அப்படியே நின்று காத்திருக்கும். ஒலியைக் கூட்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். கூட்டாமல் இருந்தால் உங்கள் பாட்டும் வராது.

அவர்களே கொடுக்கும் ஒரு பண்டமாற்று இருக்கிறது. "இந்த வீடியோவைப் பாருங்கள், அடுத்த 30 நிமிடம் விளம்பரம் இல்லை" என்று ஸ்பாட்டிஃபை அவ்வப்போது கேட்கும். வண்டி ஓட்டத் தொடங்குவதற்கு முன், சமையலில் இறங்குவதற்கு முன் அதை ஒப்புக்கொள்வது லாபம். பண்டோராவில் வீடியோ விளம்பரம் பார்த்தால் கூடுதல் ஸ்கிப்பே கிடைக்கும்.

விளம்பரத்தைத் தடுக்கும் கருவிகளையும் மாற்றியமைத்த செயலிகளையும் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. 2019-இலேயே ஸ்பாட்டிஃபை தன் விதிமுறைகளில் விளம்பரத் தடுப்பானைப் பெயர் சொல்லியே தடைசெய்து, மீறினால் கணக்கை முடக்குவோம் என்று எழுதிவிட்டது. வருடக்கணக்கில் சேர்த்த பிளேலிஸ்டுகள் அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன என்பதை நினைவில் வைத்து முடிவு செய்யுங்கள்.

திரையை அணைத்ததும் பாட்டு நின்றுவிடுகிறது. இதுவும் இலவசத்தின் வேலையா?

யூடியூப் மியூசிக் என்றால் ஆமாம். அங்கே கட்டுப்பாடு வேறு இடத்தில் இருக்கிறது. விரும்பிய பாட்டைத் தேடிப் போட அது தாராளமாக விடும். ஆனால் திரையை அணைத்தாலோ வேறு செயலிக்குப் போனாலோ பாட்டு நிற்கும். பின்னணியில் ஓடுவது கட்டணத் திட்டத்துக்கு. 2021-இல் கனடாவில் இலவசக் கணக்குக்கும் பின்னணியில் கேட்க விட்டார்கள். நாட்டுக்கு நாடு விதி மாறும் என்பதற்கு இது ஒரு உதாரணம். வேறு நாட்டுக்காரர் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு உங்கள் செயலியில் தேடினால் அந்த வசதி இல்லாமல் போகலாம்.

ஸ்பாட்டிஃபை இலவசக் கணக்கில் திரை அணைந்தாலும் பாட்டு ஓடும். அங்கேயும் நின்றால், போனின் பேட்டரி சேமிப்பு அமைப்பு அந்தச் செயலியைக் கொன்றுவிடுகிறதா என்று பாருங்கள். அமைப்புகளில் அந்தச் செயலிக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கினால் சரியாகிவிடும்.

டவுன்லோடு செய்து வைத்தால் அது என்னுடையதுதானே?

இல்லை. கட்டணத் திட்டத்தில் டவுன்லோடு செய்வது, சந்தா இருக்கும்வரை அந்தச் செயலிக்குள் மட்டும் திறக்கும் பூட்டிய கோப்பு. வேறு பிளேயரில் ஓடாது, நண்பருக்கு அனுப்பவும் முடியாது. ஸ்பாட்டிஃபையில் 5 சாதனங்கள்வரை, சாதனத்துக்கு 10,000 பாட்டு வைத்துக்கொள்ளலாம். ஆனால் 30 நாளுக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு சாதனமும் நெட்டோடு இணைய வேண்டும். சந்தா இன்னும் இருக்கிறதா என்று சரிபார்க்கத்தான். நீண்ட பயணத்துக்கு முன்னால் வீட்டிலேயே ஒருமுறை செயலியைத் திறந்து நெட்டில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

இலவசக் கணக்கில் பாட்டு டவுன்லோடு கிடையாது. பாட்காஸ்டை மட்டும் எடுத்துவைக்கலாம்.

சந்தாவை நிறுத்தினால் என் பிளேலிஸ்டுகள் போய்விடுமா?

ஸ்பாட்டிஃபையில் போகாது. கட்டிய காலம் முடியும்வரை பிரீமியமாகவே இருக்கும், அப்புறம் அதே கணக்கு இலவசமாக மாறும். பிளேலிஸ்டுகளும் விரும்பிய பாட்டுகளும் அங்கேயே இருக்கும். டவுன்லோடுகள் திறக்காது, விளம்பரம் வரும், ஷஃபிளும் ஸ்கிப் எண்ணிக்கையும் திரும்பி வரும். இலவச அடுக்கே இல்லாத சேவைகளில் நிலைமை வேறு. அங்கே சந்தா முடிந்ததும் கேட்பதே நின்றுவிடும். அதனால் அத்தகைய இடத்திலிருந்து வெளியேறும் முன் பிளேலிஸ்டைப் பெயர்ப் பட்டியலாகவாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலித்தரத்தில் எவ்வளவு வித்தியாசம்?

ஸ்பாட்டிஃபையில் இலவசத்துக்கு உச்சம் நொடிக்கு 160 கிலோபிட், பிரீமியத்துக்கு 320. 2025 செப்டம்பரிலிருந்து பிரீமியத்தில், பதிவிலிருந்து எதையும் வெட்டாமல் தரும் இழப்பில்லா ஒலியும் வரத் தொடங்கியது. போன் ஸ்பீக்கரிலோ சாதாரண ப்ளூடூத் ஹெட்போனிலோ கேட்பவர் இதற்காக மட்டும் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஒரே பிரீமியம் கணக்கை வீட்டில் இரண்டு பேர் பயன்படுத்தலாமா?

ஒரே நேரத்தில் முடியாது. தனிநபர் திட்டத்தில் ஒருவர் போனில் பாட்டு ஓடும்போது இன்னொருவர் தொடங்கினால் முதலாமவருக்கு நின்றுவிடும். பாட்டு தானாக நிற்கிறது என்று வரும் புகார்களில் சில, யோசித்துப் பார்த்தால், பழைய போனிலோ டிவியிலோ வெளியேறாமல் விட்ட கணக்காகத்தான் இருக்கும். இருவருக்கான திட்டமும் குடும்பத் திட்டமும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு கொடுக்கும். ஸ்பாட்டிஃபையின் குடும்பத் திட்டத்தில் 6 பேர் வரை, எல்லாரும் ஒரே முகவரியில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

இலவசத்தில் கேட்டால் கலைஞருக்குப் பணம் போகுமா?

போகும், குறைவாக. ஸ்பாட்டிஃபை ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று நிலையான தொகை கொடுப்பதில்லை. வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை உரிமையாளர்களுக்கு ஒதுக்கி, மொத்தக் கேட்புகளில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று பார்த்துப் பிரிக்கிறது. விளம்பர வருமானம் ஒரு குவியல், சந்தா வருமானம் ஒரு குவியல். விளம்பரக் குவியல் சின்னது, அதைப் பங்கு போடும் கேட்புகளோ ஏராளம். அதனால் இலவசக் கேட்பு ஒன்றின் மதிப்பு குறைவு. அதுவும் நேராகக் கலைஞர் கைக்குப் போவதில்லை, முதலில் இசை நிறுவனத்துக்குப் போகிறது, அங்கே ஒப்பந்தப்படி பிரிகிறது.

ஸ்கிப்பும் இதில் தலையிடுகிறது. ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினால்தான் ஒரு கேட்பாக எண்ணுவார்கள். 29-ஆவது நொடியில் தள்ளிவிட்ட பாட்டு, இலவசமோ பிரீமியமோ, கணக்கில் வராது. பிடித்த கலைஞரின் பாட்டைத் தள்ள நினைத்தால் அரை நிமிடம் பொறுங்கள்.

எனக்கு இலவசமே போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு வாரம் உங்கள் எரிச்சலைக் கவனியுங்கள். மங்கிய ஸ்கிப் பட்டனை அழுத்திப் பார்ப்பது தினமும் நடக்கிறதா, அபூர்வமாகவா? வேலை செய்துகொண்டே பின்னணியில் கேட்பவருக்கு ஆறு ஸ்கிப்பே மிஞ்சும், அவர் காசு கொடுத்து வாங்குவது விளம்பரமில்லாத அமைதி மட்டும்தான். ஆல்பத்தை வரிசையாகக் கேட்பவர், ஒரே பாட்டைப் பத்துத் தடவை ஓடவிடுபவர், பாடிப் பழகுபவர், நடனம் பயில்பவர் இவர்களுக்கு இலவசம் சரிப்படாது. சிக்னல் இல்லாத வழியில் தினமும் பயணிப்பவருக்கு டவுன்லோடு ஒன்றே போதிய காரணம்.

வெளிநாட்டுக்குப் போனால் இலவசக் கணக்கு வேலை செய்யுமா?

ஸ்பாட்டிஃபையில் 14 நாள்வரை செய்யும். அதற்கு மேல் தங்கினால் கணக்கு அமைப்பில் நாட்டை மாற்றச் சொல்லும், மாற்றினால் அந்த நாட்டின் இலவச விதிகள் பொருந்தும். பிரீமியத்துக்கு இந்த 14 நாள் கணக்கு இல்லை.